வேலூரில் எத்தனை நாள் கஸ்ர் தொழலாம்?

வேலூர் காந்தி ரோட்டிலும் அதையொட்டிய தெருக்களிலும் உள்ள லாட்ஜுகளில் தங்கியிருப்பவர்கள் பலருக்கு ஊருக்கு எப்போது திரும்புவோம் என்பது தெரியாது. சி.எம்.சி.யில் டாக்டரைப் பார்த்துவிட்டு மூன்று நாளில் கிளம்பிவிடலாம் என்று வந்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இன்னொரு டாக்டர், மறுபடி ஒரு தேதி என்று நாள் நீண்டுகொண்டே போகும். இவர்களில் முஸ்லிம்கள் பக்கத்துப் பள்ளிவாசலுக்கு வருகிறார்கள். ஜமாஅத் முடிந்ததும் இமாமிடம் தயங்கித் தயங்கிக் கேட்பது, பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழுகிற கஸ்ர் பற்றிப் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஹஜ்ரத், நான் வந்து பன்னிரண்டு நாள் ஆச்சு. இன்னும் எத்தனை நாள் கஸ்ர் தொழலாம்?"

நல்ல கேள்விதான். ஆனால் அதில் கணக்கு தலைகீழாக இருக்கிறது. வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதை ஹனஃபி மத்ஹபில் யாரும் எண்ணுவதே இல்லை. இனி இந்த ஊரில் எத்தனை நாள் இருப்பதாக முடிவு செய்திருக்கிறீர்கள் என்பதுதான் அங்கே கணக்கு. ஷாஃபி மத்ஹபிலும் முதலில் பார்ப்பது அதைத்தான். கடந்துபோன நாட்களை எண்ணுகிற ஒரே ஒரு சந்தர்ப்பம் அங்கே உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பயணத் தொழுகையில் வருகிற குழப்பம் முக்கால்வாசி தீர்ந்துவிடும்.

வேலூர் பக்கத்தில் இதைப் பேச இன்னொரு காரணமும் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் என்று பழைய வடார்க்காட்டு முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஹனஃபிகள். காயல்பட்டினம், கீழக்கரை மாதிரியான கடற்கரை ஊர்களிலிருந்தும் கேரளாவிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் ஷாஃபிகள். மேற்கு வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிற கூட்டம் மறுபடி ஹனஃபி. ஒரே லாட்ஜில், அடுத்தடுத்த அறையில், ஒரே மாதிரி நோயாளியோடு தங்கியிருக்கிற இரண்டு பேரில் ஒருவர் லுஹரை இரண்டு ரக்அத்தாகவும் இன்னொருவர் நான்காகவும் தொழுவார்கள். இரண்டுமே சரியாக இருக்கலாம்.

எது சுருங்கும், எங்கிருந்து சுருங்கும்

நான்கு ரக்அத் பர்ளுகளான லுஹர், அஸர், இஷா ஆகிய மூன்றும்தான் பயணத்தில் இரண்டாகின்றன. சுபுஹு இரண்டு, மஃரிப் மூன்று; அவற்றில் மாற்றம் இல்லை. நான்காவது அத்தியாயம் 101ஆம் வசனம் தொழுகையைச் சுருக்குவது பற்றிப் பேசும்போது எதிரிகளைப் பற்றிய அச்சத்தையும் சேர்த்தே சொல்கிறது. அச்சம் நீங்கிய காலத்தில் இது ஏன் என்று யஃலா பின் உமையா, உமர் அவர்களிடம் கேட்டார். தனக்கும் அதே சந்தேகம் வந்து நபியவர்களிடம் கேட்டதாகவும், இது அல்லாஹ் உங்களுக்குத் தந்த தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பதில் கிடைத்ததாகவும் உமர் சொன்னது முஸ்லிமில் இருக்கிறது. ஹனஃபிகள் இதை எடுத்துக்கொண்டு கஸ்ர் வாஜிப் என்கிறார்கள். தொழுகை முதலில் இரண்டிரண்டு ரக்அத்தாகவே கடமையாக்கப்பட்டது, பயணத்தில் அது அப்படியே விடப்பட்டு ஊரில் இருக்கும்போது கூட்டப்பட்டது என்ற ஆயிஷா அம்மையாரின் அறிவிப்பும் அவர்களுக்கு ஆதாரம். ஷாஃபிகளுக்கு அது அனுமதி. நான்காகத் தொழுதாலும் குற்றமில்லை. ஆனால் சுருக்கித் தொழுவதாக இருந்தால் முதல் தக்பீரிலேயே கஸ்ர் நிய்யத் இருக்க வேண்டும்.

இந்த வித்தியாசத்தால் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு. பயணத்தில் இருக்கும் ஹனஃபி ஒருவர் தனியாகத் தொழும்போது பழக்கதோஷத்தில் லுஹரை நான்காகத் தொழுதுவிட்டால், இரண்டாவது ரக்அத் முடிவில் அத்தஹிய்யாத்துக்கு உட்கார்ந்தாரா என்று பார்க்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் முதல் இரண்டு பர்ளாகவும் அடுத்த இரண்டு நஃபிலாகவும் ஆகிவிடும். மறதிக்காக ஸஜ்தா ஸஹ்வு செய்ய வேண்டும். உட்காராமல் எழுந்து நான்கையும் தொழுதிருந்தால் பர்ளு நிறைவேறவில்லை, திரும்பத் தொழ வேண்டும். "கூடத் தொழுதால் நல்லதுதானே" என்று இங்கே பலரும் வேண்டுமென்றே நான்கு தொழுகிறார்கள். ஹனஃபி சட்டப்படி அது நல்லதல்ல.

தூரத்தைப் பற்றி அதிகம் சண்டை நடக்கிறது. அவ்வளவு தேவையில்லை என்பது என் எண்ணம். ஹனஃபி மூல நூல்கள் மைல் சொல்லவில்லை. நடுத்தர வேகத்தில் மூன்று நாள் பயணம் என்றுதான் சொல்கின்றன. அதை மைலாக்கியபோது நம் நாட்டு ஆலிம்களில் ஒரு சாரார் 48 மைல், அதாவது 77 கிலோமீட்டர் சொச்சம் என்றார்கள். இன்னொரு சாரார் ஐம்பத்தேழரை மைல், 92 கிலோமீட்டர் என்றார்கள். ஷாஃபிகளுக்கு இரண்டு மர்ஹலா, பதினாறு ஃபர்ஸக். இப்னு உமரும் இப்னு அப்பாஸும் அந்தத் தூரத்தில் சுருக்கித் தொழுதார்கள் என்பது ஆதாரம். அந்தக் காலத்து மைலின் நீளத்தை எப்படி எடுப்பது என்பதில் கருத்து வேறுபாடு இருப்பதால் கிலோமீட்டரில் 82 என்றும் 88 என்றும் அதற்கு மேலும் சொல்கிறார்கள். மத்ஹபைப் பின்பற்றாதவர்கள் இதைவிட மிகக் குறைந்த தூரத்தையே போதும் என்கிறார்கள். அந்த விவாதத்துக்குள் இங்கே போகவில்லை.

நம் ஊர்களை வைத்துப் பார்த்தால் விஷயம் எளிது. ஆம்பூரிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ வேலூருக்கு வருகிறவர் இந்த இரண்டு மத்ஹபின் எந்தக் கணக்கிலும் முஸாஃபிர், அதாவது பயணி, இல்லை. வேலூரிலிருந்து சென்னை, திருப்பதி, பெங்களூர் போகிறவர் எல்லாக் கணக்கிலும் முஸாஃபிர். சந்தேகம் வருவது திருவண்ணாமலை, திருப்பத்தூர் மாதிரி எண்பதைத் தாண்டியும் தாண்டாமலும் நிற்கிற ஊர்களுக்குத்தான். அங்கே போகிறவர் தன் ஊர் ஆலிம் சொல்லும் கணக்கைப் பிடித்துக்கொள்ளலாம். தூரம் எட்டியதா என்பதிலேயே சந்தேகம் என்றால் முழுசாகத் தொழுவதுதான் அடிப்படை. ஒரு வழித் தூரம் மட்டுமே கணக்கு. போக ஐம்பது, வர ஐம்பது என்று கூட்டி நூறாக்க முடியாது.

தூரம் முடிந்த பிறகுதான் சுருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது சரியல்ல. நபியவர்கள் மதீனாவில் லுஹரை நான்காகத் தொழுதுவிட்டுக் கிளம்பி, துல்ஹுலைஃபாவில் அஸரை இரண்டாகத் தொழுதார்கள் என்று அனஸ் அறிவிக்கிறார்கள். துல்ஹுலைஃபா மதீனாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அவர்கள் போய்க்கொண்டிருந்ததோ மக்காவுக்கு. ஆக, போகிற இடம் தூரமாக இருந்து, ஊரின் கட்டடங்களைத் தாண்டிவிட்டால் போதும். ஆம்பூர் பக்கம் போகிற சாலையில் பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்கு வந்துவிட்ட வேலூர்க்காரர், பெங்களூருக்குத்தான் போகிறார் என்றால், அங்கேயே இரண்டு தொழலாம். காட்பாடி ரயில் நிலையம்தான் குழப்பமான இடம். நடுவில் பாலாறு இருக்கிறது, ஆனால் காட்பாடி இன்று வேலூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. ஊரை விட்டு வெளியேறினோமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் ஊர்க்காரராகவே நின்று நான்கு தொழுவது பத்திரம். ரயில் கிளம்பிய பிறகு அந்தக் கேள்வியே இல்லை.

சேர்த்துத் தொழுவது

லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் ஒரே வக்தில் சேர்த்துத் தொழுவது ஜம்உ. ஷாஃபி மத்ஹபில் கஸ்ருக்கு உரிய பயணத்தில் இதுவும் உண்டு. பிந்தியதை முந்தியதன் வக்துக்குக் கொண்டுவருவது தக்தீம். அதற்கு, முதல் தொழுகை முடிவதற்குள் சேர்க்கும் நிய்யத் வேண்டும், வரிசை மாறக்கூடாது, இரண்டுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி கூடாது, இரண்டாவதைத் தொடங்கும் வரை பயணம் முடிந்திருக்கக்கூடாது. முந்தியதைப் பிந்தியதன் வக்துக்குத் தள்ளுவது தஃகீர். அதற்கு, முந்தியதன் வக்து போவதற்குள் "தள்ளித் தொழுகிறேன்" என்ற நிய்யத் இருந்தாக வேண்டும். அந்த நிய்யத் இல்லாமல் வக்து போய்விட்டால் அது ஜம்உ ஆகாது, களாதான். பஸ்ஸில் தூங்கிவிட்டு எழுந்து "பரவாயில்லை, ஜம்உ பண்ணிக்கலாம்" என்பதற்கு இடமில்லை.

ஹனஃபிகளுக்கு அப்படிச் சேர்ப்பது ஹஜ்ஜில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் மட்டும். மற்ற பயணங்களில் லுஹரை அதன் வக்தின் கடைசியில் தொழுது, சற்று நேரத்தில் அஸர் வக்து வந்ததும் அஸரைத் தொழலாம். பார்வைக்குச் சேர்த்தது போலத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில்தான் இருக்கும். ஹனஃபி அஸர் ஷாஃபி அஸரைவிடச் சுமார் ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்குவதால் பயணத்தில் இது கொஞ்சம் வசதிதான். சாப்பாட்டுக்கு வண்டி நிற்கிற இடத்தை அந்த நேரத்துக்குத் தோதாகப் பார்த்துக்கொண்டால் ஒரு ஒளு போதும்.

லாட்ஜில் தங்கியிருப்பவர் விஷயத்தில் ஜம்உவை விட, பயணம் எப்போது முடிகிறது என்பதுதான் பெரிய கேள்வி. ஏனென்றால் பயணம் முடிந்தால் கஸ்ரோடு சேர்ந்து ஜம்உவும் போய்விடும்.

இரண்டு அறைகள், ஒரே தேதி

பயணம் முடிவதற்கு இரண்டு வழி. ஒன்று, சொந்த ஊருக்குள் நுழைவது. இரண்டு, வந்த ஊரில் தங்குவதாக முடிவு செய்வது. ஹனஃபிகளுக்கு அந்த முடிவு பதினைந்து நாள் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பதினான்கு நாள் என்றாலும் அவர் முஸாஃபிர்தான். ஷாஃபிகளுக்கு நான்கு முழு நாள் போதும். வந்து சேர்ந்த நாளையும் கிளம்புகிற நாளையும் இதில் சேர்ப்பதில்லை. ஹஜ் கிரியைகள் முடிந்த பிறகு முஹாஜிர்கள் மக்காவில் மூன்று நாள் தங்கலாம் என்று நபியவர்கள் அனுமதித்தார்கள். மூன்று நாள் வரை தங்குவது குடியிருப்பாகாது, நான்கு ஆகும் என்று ஷாஃபிகள் அதிலிருந்து எடுத்தார்கள். ஹனஃபிகளின் பதினைந்து, இப்னு உமர், இப்னு அப்பாஸ் ஆகியோரின் சொல்லிலிருந்து வந்தது.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மால்டாவிலிருந்து ஒருவர் தம் தகப்பனாரை அழைத்துக்கொண்டு மாதம் 3ஆம் தேதி மதியம் வேலூர் வருகிறார். ஹனஃபி. பத்து நாளில், 13ஆம் தேதி திரும்புவதாகத் திட்டம். அதே மதியம் பக்கத்து அறைக்கு, கீழக்கரையிலிருந்து உம்மாவை அழைத்துக்கொண்டு இன்னொருவர் வருகிறார். ஷாஃபி. 7ஆம் தேதி காலை கிளம்புவதாகத் திட்டம்.

முதல் நாள் இருவருமே முஸாஃபிர்கள். மால்டாக்காரருக்குப் பத்து நாள்தான் நிய்யத், பதினைந்துக்குக் குறைவு. கீழக்கரைக்காரருக்கு இடையில் உள்ள முழு நாட்கள் 4, 5, 6 என மூன்றுதான். அவர் லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டாகச் சுருக்கி, சேர்த்தும் தொழலாம். 8ஆம் தேதி கிளம்புவதாக நினைத்து வந்திருந்தால் முழு நாள் நான்காகிவிடும். வேலூரில் கால் வைத்ததிலிருந்தே நான்கு ரக்அத்தான்.

6ஆம் தேதி கீழக்கரைக்காரரிடம் "ரிப்போர்ட் நாளைக்கு வந்துவிடும், பார்த்துவிட்டுக் கிளம்பலாம்" என்கிறார்கள். நாளை வரவில்லை. மறுநாள் என்கிறார்கள். அன்றும் வரவில்லை. இங்கேதான் ஷாஃபி மத்ஹபில் கடந்த நாட்களை எண்ணுகிற அந்த ஒரு சந்தர்ப்பம் வருகிறது. காரியம் எந்த நாளிலும் முடியலாம், முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று எதிர்பார்த்து நிற்கிறவர் பதினெட்டு முழு நாள் வரை முஸாஃபிராகவே இருப்பார். மக்கா வெற்றியின்போது நபியவர்கள் அங்கே தங்கிச் சுருக்கித் தொழுத நாட்கள்தான் இதற்கு அளவு. இப்னு அப்பாஸின் அறிவிப்பில் பத்தொன்பது, இம்ரான் பின் ஹுஸைனின் அறிவிப்பில் பதினெட்டு; ஷாஃபிகள் எடுத்தது பதினெட்டு. நம் கீழக்கரைக்காரருக்கு அது 4ஆம் தேதி தொடங்கி 21ஆம் தேதி வரை. அதன் பிறகும் ரிப்போர்ட் வரவில்லை என்றாலும் 22 முதல் நான்கு தொழ வேண்டும். ஹனஃபியில் இதற்கு எல்லையே கிடையாது. இன்று போகலாம், நாளை போகலாம் என்றே மாதங்கள் ஓடினாலும் அவர் முஸாஃபிர்தான். அஜர்பைஜானில் பனியில் மாட்டிக்கொண்ட இப்னு உமர் ஆறு மாதம் சுருக்கித் தொழுததாக வரும் அறிவிப்பை இதற்குக் காட்டுவார்கள்.

ஆனால் நம் கணக்கில் 10ஆம் தேதி இரண்டு அறைக்கும் ஒரே செய்தி வருகிறது: ஆபரேஷன் 17ஆம் தேதி, 22ஆம் தேதி அனுப்பிவிடுவோம். இருவரும் சரி, இருந்து முடித்துக்கொண்டு போவோம் என்று முடிவு செய்கிறார்கள்.

கீழக்கரைக்காரருக்குப் பயணம் அந்த நிமிஷமே முடிந்தது. காரியம் நான்கு நாளுக்குள் முடியாது என்பது தெரிந்துவிட்டதால் பதினெட்டு நாள் சலுகைக்கும் இடமில்லை. அன்று வரப்போகிற அஸர் நான்கு ரக்அத், ஜம்உவும் இல்லை. மால்டாக்காரருக்கோ எதுவும் மாறவில்லை. 10 முதல் 22 வரை பன்னிரண்டு நாள், பதினைந்தை எட்டவில்லை. ஏற்கெனவே இருந்த ஏழு நாளை இதோடு கூட்டி பத்தொன்பது என்று கணக்குப் போடுவதுதான் இங்கே நான் அடிக்கடி பார்க்கிற தவறு. நிய்யத் முன்னோக்கித்தான் போகும்.

சரி, 20ஆம் தேதி மால்டாக்காரரிடம் டாக்டர் சொல்கிறார்: புண் ஆறவில்லை, இன்னும் மூன்று வாரம் இங்கேயே இருந்து கட்டு மாற்ற வேண்டும். அவர் ஒப்புக்கொள்கிறார். அந்த நேரத்திலிருந்து அவர் முகீம், அதாவது ஊரில் தங்கியவர். தொழுகைக்குள் நிற்கும்போதே அந்த முடிவு மனசில் உறுதியானாலும், வக்து இருக்கும்போது, அந்தத் தொழுகையே நான்காகிவிடும். அதற்கு முன் இரண்டாகத் தொழுதவை அனைத்தும் சரிதான், எதையும் திருப்பித் தொழ வேண்டியதில்லை.

அப்புறம் 28ஆம் தேதி, புண் நன்றாக ஆறிவிட்டது, போகலாம் என்கிறார்கள். டிக்கெட் 2ஆம் தேதிக்குத்தான் கிடைக்கிறது. இன்னும் நான்கைந்து நாள்தானே, மறுபடி கஸ்ர்தானே என்றால், இல்லை. முகீம் ஆனவர் திட்டம் மாறியதால் மட்டும் முஸாஃபிர் ஆகமாட்டார். வேலூரை விட்டுக் கிளம்பி வெளியேறும் வரை நான்குதான். நிய்யத் வைத்தால் குடியிருப்பு வந்துவிடும், ஆனால் நிய்யத்தை மாற்றினால் பயணம் வராது. அதற்குக் கால் ஊரைத் தாண்ட வேண்டும். இந்த நுணுக்கத்தைக் கவனிக்காமல் கடைசி வாரத் தொழுகைகளைக் கெடுத்துக்கொள்கிறவர்களைப் பார்க்கும்போது மனசு சங்கடப்படுகிறது. வைத்தியத்துக்கு இவ்வளவு தேதி குறித்து வைத்திருப்பவர்கள் இதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

இதே ஆள் இடையில் 25ஆம் தேதி ஏதோ வேலையாகச் சென்னை போய் ஒரு ராத்திரி தங்கி 26 அன்று வேலூர் திரும்பியிருந்தால் கதை வேறு. வேலூரில் அவர் இருந்தது தற்காலிகக் குடியிருப்பு, வதன் இகாமத். பயணத் தூரத்துக்குக் கிளம்பினால் அது கலைந்துவிடும். திரும்பி வரும்போது இனி எத்தனை நாள் என்ற கேள்வி புதிதாக எழும். இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் என்று நினைத்தே திரும்பினால் மறுபடி முகீம். 2ஆம் தேதி கிளம்பிவிடுவோம் என்ற எண்ணத்தோடு திரும்பினால் கஸ்ர். ராணிப்பேட்டைக்கோ ஆற்காட்டுக்கோ போய் வந்தால் ஒன்றும் கலையாது, அது பயணத் தூரம் இல்லை.

ராணிப்பேட்டையைச் சொன்னதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022இல் சி.எம்.சி. அங்கே புதிய வளாகம் திறந்த பிறகு சிலருக்குச் சிகிச்சை பாதி அங்கே, பாதி இங்கே என்று ஆகிறது. ஹனஃபியில் பதினைந்து நாளும் ஒரே ஊரில் இருக்க வேண்டும். எட்டு ராத்திரி வேலூர், எட்டு ராத்திரி ராணிப்பேட்டை என்று பிரித்துத் தங்குகிறவர் இரண்டு இடத்திலும் முஸாஃபிர். ராத்திரி எல்லாம் வேலூர் லாட்ஜில், பகலில் மட்டும் ராணிப்பேட்டை போய் வருகிறார் என்றால் வேலூரில் முகீம். ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் கணக்கு. பழைய நூல்களில் மக்காவையும் மினாவையும் வைத்து இந்தச் சட்டத்தைச் சொல்வார்கள்.

ஒரே ஜமாஅத்தில் நின்றால்

பள்ளிவாசலில் உள்ளூர் இமாமுக்குப் பின்னால் தொழுதால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. இமாம் முகீம் என்றால் பின்னால் நிற்கிற முஸாஃபிரும் நான்குதான் தொழ வேண்டும், இரண்டு மத்ஹபிலும். கடைசி ரக்அத்தில் வந்து சேர்ந்தாலும் அப்படித்தான். இரண்டு ரக்அத் முடிந்ததும் நடு வரிசையில் உட்கார்ந்து ஸலாம் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது செல்லாது.

லாட்ஜ் அறையில் நம் இருவரும் சேர்ந்து தொழுதால்? 11ஆம் தேதி இஷா என்று வைத்துக்கொள்வோம். மால்டாக்காரர் தம் மத்ஹபில் முஸாஃபிர், கீழக்கரைக்காரர் தம் மத்ஹபில் முகீம். ஷாஃபி நூல்கள் கிட்டத்தட்ட இதே நிலைமையை எடுத்துப் பேசுகின்றன: ஒரு ஷாஃபியும் ஒரு ஹனஃபியும் நான்கு நாள் தங்கும் நிய்யத்தோடு ஓர் ஊருக்கு வந்தால் ஷாஃபிக்குப் பயணம் முடியும், ஹனஃபிக்கு முடியாது. ஹனஃபிக்குப் பின்னால் ஷாஃபி தொழுவது மக்ரூஹ், ஆனால் செல்லும். ஹனஃபி இரண்டில் ஸலாம் கொடுத்ததும் ஷாஃபி எழுந்து மீதியை முடிக்க வேண்டும். மாற்றிச் செய்தால்தான் சிக்கல் பெரிது. கீழக்கரைக்காரர் இமாமாக நின்று நான்கு தொழுதால், ஹனஃபி கணக்கில் அவரும் பதினைந்து நாளுக்குக் குறைவாகத் தங்குகிற முஸாஃபிர்தானே. பின்னால் நிற்கிற ஹனஃபியின் தொழுகை கேள்விக்குள்ளாகும். பள்ளிவாசல் ஐந்து நிமிஷ நடையில் இருக்கும்போது இருவரும் அங்கே போய்விடுவதுதான் நிம்மதி.

முஸாஃபிர் இமாமாக நின்றால் ஸலாம் கொடுத்ததும், "உங்கள் தொழுகையைப் பூர்த்தி செய்யுங்கள், நாங்கள் பயணிகள்" என்று சொல்லிவிட வேண்டும். உமர் அவர்கள் மக்காவில் அப்படிச் சொன்னது முவத்தாவில் இருக்கிறது. தொழுகைக்கு முன்பே சொல்லிவைத்தால் இன்னும் நல்லது, பின்வரிசையில் குழப்பம் வராது.

சொந்த ஊர் என்பது எது

சொந்த ஊருக்குள் நுழைந்தால் நிய்யத் எதுவும் இல்லாமலே பயணம் முடிந்துவிடும், ஒரு மணி நேரத்தில் திரும்பக் கிளம்புவதாக இருந்தாலும். ஆனால் சொந்த ஊர் என்றால் பிறந்த ஊர் என்று மட்டும் அர்த்தமில்லை; நிரந்தரமாக வாழ்கிற ஊர். ஆம்பூரில் பிறந்து, கல்யாணமாகிச் சென்னையில் கணவர் வீட்டில் நிலையாகக் குடியேறிவிட்ட பெண்ணுக்கு ஹனஃபி சட்டப்படி ஆம்பூர் இனி சொந்த ஊர் அல்ல. அம்மா வீட்டுக்கு ஒரு வாரம் வந்திருந்தால் அவள் அங்கே முஸாஃபிர். லுஹர், அஸர், இஷா இரண்டிரண்டுதான். பிறந்து வளர்ந்த வீட்டில் கஸ்ரா என்று பெரியவர்களே அதிர்ச்சியாவதைப் பார்த்திருக்கிறேன். பிரசவத்துக்கு மூன்று மாதம் இருப்பதாக வந்தால் அவள் முகீம்.

பெரியமேட்டில் தோல் வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு திங்கள் முதல் வெள்ளி வரை சென்னையில் அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் ஆம்பூருக்கோ வாணியம்பாடிக்கோ குடும்பத்திடம் வருகிறவர்கள் நிறையப் பேர். குடும்பம் இங்கேதான் இருக்கிறது, நிலையான வீடும் இதுதான் என்பதால் ஊருக்கு வந்ததும் நான்கு. சென்னையில் ஒரு தடவையும் பதினைந்து நாள் தங்கும் நிய்யத் இல்லாமல் ஐந்தைந்து நாளாகத்தான் போகிறார்கள் என்றால் அங்கே தனியாகத் தொழும்போது இரண்டு. ஒரு தடவை பதினைந்து நாள் தங்கி முகீம் ஆனபின், சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு வாராவாரம் வந்துபோகிறவரின் குடியிருப்பு கலையுமா கலையாதா என்பதில் முஃப்திகளுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. அவர்கள் தங்கள் ஆலிமிடம் நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்கொள்வதுதான் முறை.

திரும்பும் வழியில் தொழுகை தவறினால், ஹனஃபியில் வக்து முடியும் நேரத்தில் எங்கே இருந்தோம் என்று பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து வருகிற ஆம்பூர்க்காரரின் அஸர் வக்து வாலாஜாபேட்டை தாண்டும்போது முடிந்துவிட்டது என்றால், வீட்டுக்கு வந்து களா செய்யும்போதும் இரண்டு. வக்து மீதி இருக்கும்போதே ஆம்பூருக்குள் வந்துவிட்டார் என்றால் நான்கு. அதையும் தவறவிட்டு அப்புறம் எந்த ஊரில் களா செய்தாலும் நான்குதான். ஷாஃபியில் பயணத்தில் தவறியதை வீட்டில் வந்து தொழுதால் நான்காகவே தொழ வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை ஆம்பூரின் ஊடாகவே போகிறது. அதனால் ஆம்பூர்க்காரர் ஒருவர் சென்னையிலிருந்து பர்கூருக்கு வேலையாகப் போகிறார், வழியில் இறங்கப்போவதில்லை என்றாலும், ஹனஃபி சட்டப்படி பஸ் ஆம்பூருக்குள் நுழைந்ததுமே அவர் முகீம் ஆகிவிடுகிறார். அங்கிருந்து பர்கூர் வரை உள்ள தூரம் பயணத் தூரத்தை எட்டாது. ஆகவே சென்னையில் கிளம்பியதிலிருந்து இரண்டாகத் தொழுது வந்தவர், பர்கூரில் இறங்கி இஷாவை நான்காகத் தொழ வேண்டும். அதே பஸ்ஸில் பெங்களூர் வரை போகிறவராக இருந்தால், ஆம்பூரின் கடைசிக் கட்டடத்தைத் தாண்டியதும் புதிய பயணம் தொடங்கிவிடும், மறுபடி இரண்டு.